ஆறு ரூபாய் எண்பத்தைந்து காசு

கசிவூர்ப் பேரூராட்சியின் ஆண்டறிக்கையில் ஒரே ஒரு வரி பெரிய எழுத்தில் இருக்கிறது: ஆயிரம் லிட்டர் குடிநீர் வழங்க ஆகும் செலவு ரூ.6.85. மற்ற பக்கங்கள் எல்லாம் தலைவரின் புகைப்படங்கள். மேடைக்கு மேடை இந்த எண்ணைச் சொல்லாமல் அவர் இறங்குவதில்லை. "பாதி டீ காசுக்கு ஆயிரம் லிட்டர் தர்றோம்! எந்த ஊர்ல தர்றான்?" கைதட்டல் விழும். கைதட்டுகிறவர்களில் பாதிப்பேர் காலையில் காலிக்குடத்தோடு நின்றுவிட்டு வந்தவர்கள்.

கசிவூரை வரைபடத்தில் தேட வேண்டாம். நான் கட்டிய ஊர் அது. எண்களும் என்னுடையவை, கூட்டிக் கழித்துப் பார்க்க வசதியாகப் போட்டவை. ஆனால் அந்த ஊரில் கணக்கு எழுதுகிற விதம் இருக்கிறதே, அதை நான் கட்டவில்லை. அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

ஊர் சிறியது. 15,000 பேர், 3,000 குழாய் இணைப்பு. ஆற்றங்கரையில் ஒரு கிணறு, அதன்மேல் மோட்டார் அறை. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் குழாய் வழியாகத் தண்ணீர் ஊருக்கு மேற்கே இருக்கிற கரட்டின் உச்சியிலுள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியிலிருந்து ஊருக்குள் தானாக இறங்கிவிடும். இவ்வளவு எளிமையான ஏற்பாட்டில் ஒருவன் பொய்க்கணக்கு எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனித்திறமை வேண்டும். கசிவூரில் அந்தத் திறமைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் தண்ணீருக்குத்தான்.

6.85 எப்படி வந்தது? மாதச் செலவு 4,11,000 ரூபாய். மின்கட்டணம், பம்ப் ஆபரேட்டர் சம்பளம், வால்வு திறக்கிறவர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், ஜே.சி.பி. வாடகை, ரீவைண்டிங் கூலி எல்லாம் 'குடிநீர்ச் செலவினம்' என்ற ஒரே தலைப்பில் ஒரே வரியாகப் படுத்திருக்கும். அதை மாதம் வழங்கிய 60,000 கிலோலிட்டரால் வகுத்தால் 6.85. வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் குறை சொல்ல முடியாது.

அந்த 60,000 எங்கிருந்து வந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். மன்ற உறுப்பினர்கள் பதினைந்து பேரில் யாரும் கேட்டதில்லை.

அது லாக் புக்கிலிருந்து வந்தது. மோட்டார் தினம் 20 மணி நேரம் ஓடியது என்று அதில் எழுதியிருக்கும். பம்ப்பின் மேல் அடித்திருக்கும் தகட்டில் மணிக்கு 100 கிலோலிட்டர் என்று இருக்கும். இருபதை நூறால் பெருக்கினால் நாளுக்கு 2,000, முப்பது நாளுக்கு 60,000. தண்ணீரைப் பார்க்காமலே தண்ணீரை அளக்கிற இந்தக் கலைக்கு மீட்டர் வேண்டாம், கண் வேண்டாம், தண்ணீரே வேண்டாம். சென்ற ஆண்டு காயில் எரிந்து மோட்டார் கோயம்புத்தூர் போய்விட்டு வந்தது. அது ஊரில் இல்லாத நாட்களிலும் லாக் புக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டேயிருந்தது, அதே 2,000.

இந்த 2,000-ஐ 15,000 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 133 லிட்டர். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டரும், அது இல்லாத ஊருக்கு 70 லிட்டரும் வழங்கச் சொன்னது. கசிவூரில் பாதாளச் சாக்கடை கிடையாது. திறந்த சாக்கடையே பாதி தெருவில் கிடையாது. ஆக, வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு தருகிற வள்ளல் ஊர் இது. அப்படியானால் அம்மன் கோவில் தெருப் பெண்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை சாலையை மறிப்பது எதற்கு? தலைவர் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: எதிர்க்கட்சியின் தூண்டுதல்.

ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். பதவியில் இருந்தபோது வாய் திறக்காதவர். ஓய்வூதியம் கைக்கு வந்தபிறகு தைரியமும் வந்தது. ஒருநாள் காலை கரட்டின்மேல் ஏறி, தொட்டியிலிருந்து ஊருக்கு இறங்குகிற வால்வுகளை இறுக்கி மூடச் சொன்னார். தொட்டி பத்து மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம். ஒரு மூங்கில் கழியில் அளவு குறித்து உள்ளே நட்டார். மோட்டாரைப் போடச் சொல்லி, ஒரு மணி நேரம் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஒரு மீட்டர் ஏறியது. பத்தை ஏழால் பெருக்கி ஒன்றால் பெருக்கினால் எழுபது.

கூட வந்த புதுப்பையன் ஆபரேட்டருக்கு மனம் ஒப்பவில்லை. "அண்ணே, தகட்டுல நூறுன்னு போட்டிருக்கே?"

"தகடு இன்னமும் நூறுதாம்ப்பா. பம்ப்புதான் எழுபது."

பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு கழி, ஒரு கடிகாரம், மூடினால் மூடிக்கொள்கிற வால்வு. (அந்த மூன்றாவதுதான் கசிவூரில் அரிது. ஒரு வால்வை மூடப் போய் அதன் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.) ஒரு மணி நேரத்தில் ஊருக்கு ஏறும் தண்ணீர் 60,000-லிருந்து 42,000 கிலோலிட்டராக இறங்கிவிட்டது. 18,000 கிலோலிட்டர் எங்கே கசிந்தது? எங்கும் கசியவில்லை. ஆற்றிலிருந்து அது ஏறவே இல்லை. பேனாவிலிருந்து வந்தது.

செலவை இப்போது பிரித்துப் பார்ப்போம். ஒரே வரியில் படுத்திருப்பதை எழுப்பி, நீரேற்றம், சுத்திகரிப்பு, பகிர்மானம் என்று மூன்று வரிசையில் நிற்க வைப்போம். யாரெல்லாம் நெளிகிறார்கள் என்று தெரியும்.

நீரேற்றத்துக்கு மாதம் 2,40,000. அதில் மின்கட்டணம் 1,68,000: மாதம் 21,000 யூனிட், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கணக்கு. மீதி ஆபரேட்டர்கள் சம்பளமும் பழுதுபார்ப்பும். உண்மையில் ஏறிய 42,000-ஆல் வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 5.71. இதில் மின்சாரம் மட்டும் நான்கு ரூபாய், அதாவது அரை யூனிட்.

இந்த அரை யூனிட் நியாயமா? அதைத் தீர்மானிக்க மன்றத் தீர்மானம் தேவையில்லை, புவியீர்ப்பு விசை போதும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரம் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால், 0.27 யூனிட் ஆகும். கசிவூரில் கரட்டின் உயரத்தையும் ஆறு கிலோமீட்டர் குழாயின் உராய்வையும் சேர்த்தால் எழுபது மீட்டர். அதற்கு 0.19 யூனிட். எந்த மோட்டாரும் பம்ப்பும் முழுத்திறனில் ஓடாது. ஒழுங்காகப் பராமரித்த ஜோடி அறுபது சதவீதமாவது தர வேண்டும். அப்படியானால் 0.32 யூனிட். கசிவூர் அரை யூனிட் எடுக்கிறது. திறன் 38 சதவீதம். வாங்குகிற நூறு ரூபாய் மின்சாரத்தில் அறுபத்திரண்டு ரூபாய் தண்ணீரைத் தூக்காமல் மோட்டார் அறையைச் சூடாக்குகிறது. உராய்வில், அதிர்வில், பம்ப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீரில் போகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். லாக் புக்கின் 60,000-ஐ வைத்துப் பார்த்தால் ஆயிரம் லிட்டருக்கு 0.35 யூனிட்தான், திறன் 54 சதவீதம். பரவாயில்லையே என்று எந்த ஆய்வு அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். போயிருக்கிறார்கள். பொய்யான தண்ணீர், உண்மையான பழுதை மறைத்துவிட்டது.

பழுது என்ன? ஆற்று மணல் இம்பெல்லரைத் தின்றுவிட்டது. அதைச் சுற்றியிருக்கிற தேய்வளையம் தேய்ந்து இடைவெளி விட்டதால், ஏற வேண்டிய தண்ணீர் பின்னாலேயே திரும்பி வருகிறது. மோட்டாரைப் பலமுறை ரீவைண்டிங் செய்தாயிற்று. மட்டமான வேலை செய்த ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறது. இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது டெலிவரி குழாயிலிருக்கும் அழுத்தமானி. அதன் முள் ஏழில் நிற்கிறது. மோட்டார் ஓடினாலும் ஏழு, நின்றாலும் ஏழு, அது கோயம்புத்தூரில் இருந்தபோதும் ஏழு. அந்த அலுவலகத்தில் இவ்வளவு நிலையான கொள்கையோடு இருப்பது அந்த முள் ஒன்றுதான். (எழுபது மீட்டரை நம் ஓய்வுபெற்றவர் வேறொரு மானியை மாட்டித்தான் கண்டார்.)

பம்ப்பைச் சரிசெய்தால் ஆயிரம் லிட்டருக்கு 1.46 மிச்சம். மாதம் 61,000, ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல். அந்தத் தொகைக்குள் புது பம்ப்செட்டே வாங்கிவிடலாமே என்று செயல் அலுவலரிடம் கேட்டால், அவர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். மின்கட்டணம் கட்டுவதற்கு டெண்டர் வேண்டாம், ஒப்புதல் வேண்டாம், தணிக்கைக் குறிப்பு வராது. பம்ப் வாங்கினால் மூன்றும் வரும். ஆண்டுக்கு ஏழு லட்சத்தை வீணடிப்பது செலவினம். ஒருமுறை நாலு லட்சம் கொடுத்து அதை நிறுத்துவது முறைகேடு. சட்டப்படி முட்டாளாக இருப்பது எப்படி என்பதற்கு நம் அலுவலகங்கள் பள்ளிக்கூடம் நடத்தலாம்.

அடுத்தது சுத்திகரிப்பு. இங்கேதான் எனக்கு எழுத்து நிதானம் தவறுகிறது.

ஆற்றுப்படுகை மணலே வடிகட்டிவிடுவதால் கசிவூரில் படிகாரம் தேவையில்லை, மணல் வடிகட்டித் தொட்டி தேவையில்லை. குளோரின் போட்டால் போதும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் போட வேண்டும் என்று கொள்வோம். புதுப் பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டை திறந்து ஈரத்தில் கிடந்தால் குறைந்துகொண்டே போகும். கால்பங்கு என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு எட்டு கிராம் பவுடர். கிலோ முப்பது ரூபாய் என்றால் இருபத்துநான்கு காசு. அதைக் கலக்குகிறவர் சம்பளத்தில் ஒரு பகுதி, சோதனை மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 21,000. ஆயிரம் லிட்டருக்கு ஐம்பது காசு. மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்துதான் இது. இணைப்புக்குப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு மாதம் ஏழு ரூபாய்.

கசிவூர் மன்றம் சிக்கன நடவடிக்கை எடுத்தபோது எதை வெட்டியது தெரியுமா? அறுபத்தோராயிரத்தை வீணடிக்கிற பம்ப்பை அல்ல. பிளீச்சிங் பவுடரைப் பாதியாக்கியது. மாதம் ஐயாயிரம் ரூபாய் மிச்சம்! தலைவருக்குச் சால்வை போர்த்தினார்கள். பவுடர் மூட்டை மோட்டார் அறை மூலையில் வாய் திறந்து கிடக்கிறது. கையில் எடுத்தால் மூக்கில் ஏற வேண்டிய நெடி ஏறுவதில்லை, சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. சோதனைப் பதிவேட்டைப் புரட்டினால் அம்மன் கோவில் தெருவுக்கு எதிரே தினமும் 0.2 இருக்கிறது. தண்ணீர் விடாத நாளிலும் 0.2. காற்றில் கண்டுபிடித்திருப்பார்கள் போலும்.

பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஜனங்கள் பேரூராட்சித் தண்ணீரைக் குடிப்பதை விட்டார்கள். இப்போது வீட்டுக்கு வீடு கேன். இருபது லிட்டர் கேன் 35 ரூபாய், இரண்டு நாளைக்கு ஒன்று, மாதம் 525. ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய். ஏழு ரூபாய்ச் செலவில் மிச்சம் பிடிக்கப் போய் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் ஐந்நூற்று இருபத்தைந்தை ஏற்றியிருக்கிறார்கள். கூலிக்குப் போகிற பெண் ஒருநாள் சம்பளத்துக்கு மேல் தண்ணீருக்குக் கொடுக்கிறாள். அந்தப் பணம் பேரூராட்சிக் கணக்கில் எங்கும் வராது. அதனால்தான் 6.85 அவ்வளவு அழகாக இருக்கிறது: செலவைக் குறைக்கவில்லை, வேறு வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கேன் ஏஜென்சி யாருடையது என்று கேட்காதீர்கள். வண்டியின் பின்கண்ணாடியிலும் ஆண்டறிக்கையிலும் ஒரே முகம் சிரிக்கிறது.

மூன்றாவது, பகிர்மானம். தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை உள்ள குழாய்வலை. வால்வு திறக்கிறவர்கள் ஐந்து பேர், உடைப்பு அடைக்கிற செலவு, வரி வசூல் பணியாளர் சம்பளத்தின் பங்கு என்று மாதம் 1,50,000. ஏறிய 42,000-ஆல் வகுத்தால் 3.57. ஆக மூன்று வரி: நீரேற்றம் 5.71, சுத்திகரிப்பு 0.50, பகிர்மானம் 3.57. கூட்டினால் 9.78, காசுப் பிசிறைச் சேர்த்தால் 9.79.

இந்த மூன்று வரியைப் பார்த்ததும் எந்த நிர்வாகியும் சொல்வது ஒன்றுதான்: "பார்த்தீங்களா, கரண்ட் பில்தான் நம்மளச் சாப்பிடுது." அதையேதான் கசிவூரும் சொன்னது. சொல்லிவிட்டு மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கலாமா என்று யோசித்தது. பிரித்து எழுதினாலும் தவறாகப் பிரித்தால் இதுதான் நடக்கும்.

ஏனென்றால், 42,000 தொட்டிக்குத்தான் ஏறியது, வீட்டுக்கு எவ்வளவு போனது? ஊரில் ஒரு வீட்டிலும் மீட்டர் இல்லை. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-லேயே சேவைத்தர அளவுகோல் என்று ஒரு கையேடு போட்டது: நூறு சதவீத இணைப்புக்கும் மீட்டர், கணக்கில் வராத தண்ணீர் இருபது சதவீதத்துக்குள், இருபத்துநாலு மணி நேர வழங்கல். கசிவூர் அந்தப் படிவத்தை ஆண்டுதோறும் தவறாமல் நிரப்பி அனுப்புகிறது. கணக்கில் வராத தண்ணீர் என்ற கட்டத்தில் 18 என்று போடுகிறது. இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும், பதினைந்து என்றால் நம்பமாட்டார்கள், அதனால் 18.

நம் ஓய்வுபெற்றவர் மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, கடைசித் தெரு என்று பார்த்து இருபது வீட்டுக்கு மாத்திரம் மீட்டர் மாட்டினார், சொந்தக் காசில். மாத முடிவில் சராசரி, வீட்டுக்கு நாளொன்றுக்கு 280 லிட்டர். 3,000 வீட்டுக்குப் பெருக்கினால் 840 கிலோலிட்டர், மாதம் 25,200. இருபது வீடு என்பது சிறிய மாதிரிதான். ஐந்து பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம். ஆனால் பதினெட்டுக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் ஐந்து பத்தில் அடங்காது. ஏறியதில் நாற்பது சதவீதத்தைக் காணவில்லை. ஆளுக்கு 133 லிட்டர் என்பது 56 ஆகிவிட்டது, பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கான எழுபதைவிடக் கீழே.

அந்த நாற்பதும் முழுக்க மண்ணுக்குள் போவதில்லை. ஒரு பகுதி தெருக்குழாயில் நியாயமாகவே போகிறது. ஒரு பகுதி பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயின் இணைப்புகளிலும், வீட்டு இணைப்பு கிளம்பும் சேடிலிலும் ஒழுகுகிறது. சாலையில் பீறிட்டு அடிக்கிற உடைப்பைவிட, வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் சொட்டுகிற இந்த நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள்தான் அதிகம் குடிக்கும். ஒரு பகுதி தொட்டி நிரம்பிக் கரட்டில் வழிகிறது, ஆபரேட்டர் மேலேயும் வால்வுக்காரர் கீழேயும் போனில் பேலன்ஸ் இல்லாமல் இருப்பதால். இன்னொரு பகுதி, பிரதானக் குழாயில் நேராகப் போட்ட இரண்டு இன்ச் லைனில் ஒரு தென்னந்தோப்புக்குப் போகிறது. இந்த லைன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தோப்பு யாருடையது என்பது ஊருக்கே தெரியும். கேன் வண்டியின் பின்கண்ணாடியைப் பாருங்கள்.

இனி வகுக்க வேண்டியது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த 25,200-ஆல். 4,11,000-ஐ அதால் வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 16.31. மேடையில் சொன்ன 6.85 எங்கே, இது எங்கே. ஒரே செலவு, ஒரே மாதம், ஒரே மோட்டார். மேலே இருந்த எண் மாறவே இல்லை. கீழே வைத்த எண்ணில்தான் ஒரு பேரூராட்சியின் மானம் முழுதும் இருந்தது.

அந்த 16.31-ஐ யார் கணக்கில் எழுதுவது? இங்கே ஒரு நுணுக்கம். காணாமல்போன 16,800 கிலோலிட்டரும் சும்மா கிடைத்ததல்ல. ஆற்றிலிருந்து ஏற்றியது, மருந்து கலந்தது. ஏற்றவும் மருந்துக்கும் ஆயிரம் லிட்டருக்கு 6.21 கொடுத்தபிறகுதான் அது தொலைந்தது. தொலைத்தது பம்ப் அல்ல, மருந்து கலந்தவர் அல்ல. தொலைத்தது குழாய்வலை. அப்படியென்றால் அந்தத் தண்ணீரின் விலையான 1,04,400 ரூபாயை, தொலைத்தவன் பேரில் எழுதுவதுதானே முறை? எழுதிப் பாருங்கள். வீட்டுக்குச் சேர்ந்த ஆயிரம் லிட்டருக்கு நீரேற்றம் 5.71, சுத்திகரிப்பு 0.50, பகிர்மானம் 10.10.

மூன்றாவது இடத்திலேயே ஒளிந்துகொண்டிருந்தவன் இப்போது வெளியே வந்துவிட்டான். 16.31-இல் பத்து ரூபாய் பத்துக் காசு குழாய்வலையுடையது; நூற்றுக்கு அறுபத்திரண்டு. கரண்ட் பில் சாப்பிடுகிறது என்று கத்தினார்களே, அந்தக் கரண்ட் பில்லிலேயே நாற்பது சதவீதம் பெரும்பாலும் மண்ணுக்கும் தோப்புக்கும் கட்டியது. மின்வாரியம் பழியை வாங்கிக்கொண்டது. ஓட்டைக்குழாய் நல்ல பெயரோடு இருந்தது.

இது வெறும் கணக்கர் சண்டை இல்லை. தவறான வரி பெரிதாகத் தெரிந்தால் தவறான இடத்தில் கத்தி விழும். கசிவூர் மோட்டார் நேரத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் விடும் நேரம் சுருங்கும். வராத நேரத்தில் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். தண்ணீர் ஒழுகி வெளியேறிய அதே ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அடுத்தமுறை திறந்ததும் முதல் குடம் கறுப்பாக வரும். மேட்டுத் தெருக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுவான், பள்ளத் தெருவில் சாக்கடை இன்னும் வேகமாக உள்ளே வரும். அதை அடக்க இருமடங்கு குளோரின் வேண்டும். அதைத்தான் ஏற்கெனவே பாதியாக்கிவிட்டார்களே.

இதெல்லாம் தீராத வியாதி என்று சொல்லி ஒருவரும் தப்பிக்க முடியாது. கம்போடியாவின் புனோம் பென், உள்நாட்டுப் போரில் நொறுங்கிய ஊர். 1993-இல் அங்கே நூறு லிட்டர் அனுப்பினால் எழுபத்திரண்டு காணாமல் போனது. எக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்று, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, திருட்டு இணைப்புகளைப் பிடுங்கி, படிப்படியாக அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார். காசு கட்டாத அதிகாரக்காரர்களின் இணைப்பையும் விடவில்லை. அந்த வேலைக்கு 2006-இல் மகசேசே விருது கிடைத்தது. கசிவூரில் அந்த வேலைக்கு ஒரே பரிசு, மலையடிவாரத்துக்கு இடமாறுதல்.

நம் ஓய்வுபெற்றவர் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மன்றத்துக்குக் கொண்டுபோனார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மோட்டார் அறையில் ஒன்று, தொட்டியின் வாயில் ஒன்று என இரண்டு ஓட்டமானி. பழுதில்லாத ஓர் அழுத்தமானி. தெருவுக்குத் தெரு மூடக்கூடிய வால்வு. பம்ப்புக்குப் புது இம்பெல்லர். பிளீச்சிங் பவுடர் முழு அளவு. மாதக் கணக்கை மூன்று வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தண்ணீரால் வகுத்தோம் என்று பக்கத்திலேயே போடுவது.

தலைவர் நோட்டைப் புரட்டவில்லை. அவரிடம் அதைவிடப் பெரிய திட்டம் இருந்தது. "அண்ணாச்சி, இந்தச் சில்லறை வேலையெல்லாம் விடுங்க. நாப்பது கிலோமீட்டர்ல இருந்து கூட்டுக் குடிநீர் வருது. கோடிக்கணக்கு. எல்லாம் மானியம், நமக்கு நயா பைசா செலவில்ல."

மானியத்தில் பதித்த குழாய்க்குத் தேய்மானம் கிடையாது என்பது கசிவூரின் நம்பிக்கை. அதனால்தான் 16.31-இலும் குழாய் பதித்த காசு ஒரு பைசா இல்லை. முப்பது வருஷம் கழித்து அந்தக் குழாயை மாற்ற வேண்டிய காசும் இல்லை. அதுவும் ஒருநாள் யாரோ ஒருவர் மானியமாகத் தருவார். போகட்டும். வரப்போகிற தண்ணீரைத் திட்டத்திடமிருந்து ஆயிரம் லிட்டர் பதினைந்து ரூபாய்க்கு வாங்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஓட்டைக் குழாய்வலையில் விட்டால், ஒரு வீட்டுக்கு ஆயிரம் லிட்டர் சேர 1,667 லிட்டர் வாங்க வேண்டும். இருபத்தைந்து ரூபாய். அதில் பத்து ரூபாய், தண்ணீர் ஊருக்குள் நுழைந்தபிறகு, பெரும்பாலும் மண்ணுக்கும் தோப்புக்கும். நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து தென்னைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற உலகின் முதல் சொட்டுநீர்ப் பாசனத் திட்டம், செலவு மக்களுடையது.

அன்றைய கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது:

பொருள் 1: கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒப்புதல். மன்றம் ஏகமனதாக அங்கீகரித்தது.

பொருள் 2: குடிநீர்க் கட்டணத்தை மாதம் ரூ.100-லிருந்து ரூ.150 ஆக உயர்த்துதல். காரணம், மின்கட்டண உயர்வு. ஏகமனதாக அங்கீகரித்தது.

பொருள் 3: ஓட்டமானி இரண்டு வாங்குதல். நிதி நிலையைக் கருத்தில்கொண்டு ஒத்திவைக்கப்பட்டது.

பொருள் 4: மன்றக் கூட்டச் செலவினம். தேநீர், போண்டா, உறுப்பினர்களுக்குக் குடிநீர்க் கேன் ஐந்து, ரூ.35 வீதம் ரூ.175. ஏகமனதாக அங்கீகரித்தது.